பெட்டி வராத இரவில் கார்டு என்ன தரும்?

கிரெடிட் கார்டோடு வரும் வழவழப்பான கையேட்டில் மூன்று வாக்குறுதிகள் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். விமான நிலைய லவுஞ்சில் இலவச அனுமதி, விமானம் தாமதமானால் செலவுத் தொகை, பெட்டி தொலைந்தால் காப்பீடு. ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருப்பதால் மூன்றையும் வங்கிதான் தருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்களின் கையில் இருக்கிறது. லவுஞ்சை நடத்துவது ஒரு நிறுவனம். உங்கள் கார்டுக்கு அனுமதி உண்டா என்று பார்த்துச் சொல்வது பெரும்பாலும் இன்னொரு நிறுவனம். பெட்டிக்கும் தாமதத்துக்கும் பணம் தருவது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. வங்கி செய்திருப்பது, தன் கார்டுதாரர்கள் எல்லோருக்கும் சேர்த்து அந்தக் கம்பெனியிடம் ஒரு குழுக் காப்பீடு வாங்கி வைத்ததுதான். பந்தியில் சாம்பார் சரியில்லை என்றால் சமையல்காரரைக் கைகாட்டும் கல்யாண மண்டபக்காரரைப் போல, சிக்கல் வந்ததும் வங்கி இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கைகாட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. யாரும் படிக்காத நிபந்தனைப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

லவுஞ்ச் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். மூன்றில் அதிகம் பேசப்படுவதும், போனால் குறைவாகவே வலிப்பதும் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை கார்டை நீட்டினால் போதும், இயந்திரத்தில் 2 ரூபாய் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டுவிடுவார்கள். கூட்டம் பெருகியது. ஒவ்வொரு நுழைவுக்கும் லவுஞ்சுக்குப் பணம் கட்ட வேண்டியவர்களுக்குக் கணக்கு இடித்தது. எச்டிஎஃப்சி வங்கி தன் ரெகாலியா கார்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து, ஒரு காலாண்டில் 1 லட்சம் ரூபாய் செலவழித்தால்தான் லவுஞ்ச் என்று மாற்றியது. ஐசிஐசிஐ வங்கி பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரலில் 35,000 ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் அது 75,000 ஆனது. இந்த எண்கள் இன்னும் மாறும். மாறாமல் நிற்பது கணக்கின் அமைப்பு. பல கார்டுகளில் பார்க்கப்படுவது முந்தைய காலாண்டின் செலவு. பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஏப்ரல் கடைசியில் கிளம்புகிறவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை செய்த செலவுதான் கணக்கில் வரும். டிக்கெட்டையே ஏப்ரலில் அந்தக் கார்டில் வாங்கியிருந்தாலும் அந்தப் பயணத்துக்கு அது உதவாது. வாடகை, எரிபொருள், வாலட்டில் ஏற்றிய பணம் போன்றவற்றைச் செலவாகவே எண்ணாத கார்டுகளும் உண்டு.

எல்லாத் தகுதியும் இருந்தும் வாசலில் நிற்க நேரிடலாம். இந்திய லவுஞ்சுகளையும் வங்கிகளையும் இணைத்துவந்த முக்கிய நிறுவனமான ட்ரீம்ஃபோக்ஸ், 2025 செப்டம்பரில் தன் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்திக்கொண்டது. அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்த கார்டுகளுக்கு வங்கிகள் வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று. முனையமும் ஒரு கேள்வி. சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்று இரண்டு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. பட்டியலில் இருக்கும் லவுஞ்ச் நீங்கள் ஏறும் முனையத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு லவுஞ்சுகளுக்கான பிரயாரிட்டி பாஸ் அட்டையை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இலவச எண்ணிக்கை தாண்டினாலோ, கூட வந்தவரை அழைத்துப் போனாலோ, சில கார்டுகளில் அதை இந்தியாவுக்குள்ளேயே நீட்டினாலோ, வாசலில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒரு நுழைவுக்கு இத்தனை டாலர், அதற்கு மேல் வரி என்று அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் வந்து நிற்கும். இட்லியும் காபியும் அந்த விலைக்குச் சற்று அதிகம்தான்.

விமானத் தாமதத்துக்கு வருவோம். கார்டைத் தேடுவதற்கு முன் விமான நிறுவனம் என்ன தர வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, பயண நேரத்தைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரம் தாமதமானாலே காத்திருப்பவர்களுக்குச் சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டும் என்று பயணி தேர்ந்துகொள்ளலாம். 24 மணி நேரத்தைத் தாண்டினாலும், இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலும் ஓட்டல் அறை. தாமதம் என்பதற்காக மட்டும் ரொக்க இழப்பீடு இந்த விதியில் இல்லை.

கார்டுக் காப்பீடு வேலை செய்வது இதற்கு மேலே வரும் செலவில்தான், அதுவும் அதற்கென்று குறித்த மணி நேரம் கடந்த பிறகு. அந்த மணி நேரம் கார்டுக்குக் கார்டு எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்காவில் நம்மவர்கள் பலர் வைத்திருக்கும் ஒரு கார்டுக் குடும்பம் நல்ல உதாரணம். சேஸ் வங்கியின் சஃபையர் ரிசர்வ் கார்டில் 6 மணி நேரத் தாமதம் போதும். அதன் தம்பியான சஃபையர் பிரிஃபர்டில் 12 மணி நேரம் ஆக வேண்டும். இரண்டிலும் இரவு தங்க நேர்ந்தால் மணி நேரக் கணக்கு வேண்டாம், இரண்டிலும் ஒரு டிக்கெட்டுக்கு 500 டாலர்தான் உச்சம். காலை 9 மணி விமானம் மாலை 5 மணிக்குக் கிளம்பினால் ஒருவருக்குச் சாப்பாட்டு பில் திரும்பி வரும், பக்கத்து இருக்கைக்காரருக்கு வராது. வங்கி ஒன்றே, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றே.

மணி நேரம் கடந்துவிட்டாலும் காரணம் ஒத்துப்போக வேண்டும். மோசமான வானிலை, இயந்திரக் கோளாறு, வேலைநிறுத்தம் என்று சில காரணங்களை மட்டும் பட்டியலிட்டு, மற்றவற்றை விட்டுவிடும் ஒப்பந்தங்கள் பல. முதல் விமானம் இரண்டு மணி நேரம் மட்டும் தாமதித்து, அதனால் இணைப்பு விமானம் போய்விட்டால், அது பல ஒப்பந்தங்களில் தாமதமாகக் கருதப்படாது. தவறிய இணைப்பு என்று தனிப் பிரிவு இருந்தால் பணம் உண்டு, இல்லையென்றால் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் காகிதம் எத்தனை மணி நேரம், என்ன காரணம் என்று விமான நிறுவனம் எழுதிக் கொடுக்கும் சான்று. அதை விமான நிலையத்திலேயே கேட்பது எளிது, ஊருக்கு வந்து மின்னஞ்சலில் துரத்துவது கடினம். செல்பேசிக்கு வரும் தாமதக் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதும் உதவும்.

பெட்டிதான் இந்த மூன்றில் உண்மையான பணம் புரளும் இடம். குழப்பமும் அங்கேதான் அதிகம்.

ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை சென்னையிலிருந்து தோகா வழியாகப் பாரிசுக்கு, மகள் வீட்டுக்கு, கணவரோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் இரண்டையும் தன் கிரெடிட் கார்டிலேயே வாங்கியிருக்கிறார். இது முக்கியம். மகள் அங்கிருந்தபடி தன் கார்டில் எடுத்து அனுப்பியிருந்தால் அம்மாவின் கார்டுக்கும் அந்தப் பயணத்துக்கும் சம்பந்தமே இருக்காது. முழுக் கட்டணமும் அந்தக் கார்டில் போயிருக்க வேண்டும் என்று கேட்கும் ஒப்பந்தங்களும் உண்டு. பாதியைப் புள்ளிகளில் கட்டியவர்கள் அந்த வரியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

புதன்கிழமை பிற்பகல் 1.30க்கு பாரிசில் இறங்குகிறார்கள். கணவரின் பெட்டி வந்துவிட்டது, இவருடையது வரவில்லை. பட்டை நின்று, கடைசிப் பெட்டியும் எடுக்கப்பட்ட பிறகு அவர்கள் போக வேண்டிய இடம் வெளிவாசல் அல்ல, அதே கூடத்தில் இருக்கும் பெட்டி விசாரணை கவுண்டர். அங்கே பி.ஐ.ஆர் என்று ஒரு அறிக்கை பதிவாகும். பெட்டியின் நிறம், வகை, ஒட்டுச்சீட்டு எண் எல்லாம் அதில் ஏறி, பத்து எழுத்து-எண்கள் கொண்ட ஒரு குறிப்பு எண் கிடைக்கும். உலகம் முழுதும் விமான நிறுவனங்கள் பெட்டிகளைத் தேடும் கணினி அமைப்பில் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பதிந்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால், பெட்டி உண்மையிலேயே வரவில்லை என்பதற்கே சாட்சி இல்லாமல் போகலாம்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. குடும்பமாகச் செக்-இன் செய்யும்போது எல்லாப் பெட்டிகளையும் ஒரே பயணியின் பெயரில் போட்டுவிடுவது கவுண்டர்களில் சாதாரணமாக நடப்பது. ஆசிரியையின் பெட்டி கணவரின் பெயரில் பதிவாகியிருந்தால் என்ன ஆகும்? இந்தியக் கார்டுகள் பலவற்றில் காப்பீடு முதன்மைக் கார்டுதாரருக்கு மட்டும். கணவருக்கு இல்லை. அவர் பெயரில் இருக்கும் பெட்டிக்கு மனைவியின் கார்டில் பணம் கேட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல் கேள்வியாகவே இதைக் கேட்கும். விமான நிறுவனத்திடம் இது அவ்வளவு பெரிய தடை அல்ல. பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் போன ஒரு நால்வர் குடும்பத்தின் வழக்கில், இன்னொருவர் பெயரில் ஏற்றிய பெட்டிக்குள் தன் பொருள் இருந்ததை நிரூபிக்கும் பயணியும் இழப்பீடு கேட்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் தீர்ப்புச் சொன்னது. கார்டுக் காப்பீட்டை நம்பிப் போகிறவர் அந்த வாதம் வரைக்கும் போகாமல், உங்கள் பெட்டி உங்கள் பெயரில் இருக்கட்டும் என்று செக்-இன் கவுண்டரிலேயே கேட்டுவிடலாம்.

நம் ஆசிரியையின் ஒட்டுச்சீட்டு அவர் பெயரிலேயே இருக்கிறது என்று கொள்வோம். புதன் மாலை 5 மணிக்கு, கம்பளிச் சட்டையும் உள்ளாடைகளும் 85 யூரோவுக்கு, பல்துலக்கி, சோப்பு வகையறா 20 யூரோவுக்கு வாங்குகிறார். வியாழன் மாலை 7 மணிக்குக் குளிருக்கேற்ற காலணி, 60 யூரோ. அன்று இரவு 9.30க்குப் பெட்டி வீடு வந்து சேர்கிறது. வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் நல்ல கோட்டு ஒன்று கண்ணில் பட, 110 யூரோ கொடுத்து வாங்கிவிடுகிறார். பெட்டி 32 மணி நேரம் தாமதம். அவருடைய கார்டின் காப்பீட்டில், 12 மணி நேரத்துக்கு மேல் பெட்டி தாமதமானால் அவசரக் கொள்முதல் செலவு திரும்பக் கிடைக்கும் என்று இருக்கிறது.

கோட்டு முதலில் அடிபட்டுப்போகும். பெட்டி கைக்கு வந்த பிறகு வாங்கியது அவசரம் ஆகாது. காலணி 29 மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு வாங்கியது, அதில் தகராறு இல்லை. புதன் மாலை வாங்கிய 105 யூரோதான் ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தது. தாமதம் 12 மணியைத் தாண்டிவிட்டால் தொடக்கத்திலிருந்தே எல்லாச் செலவும் சேரும் என்று இருக்கலாம். 12 மணி நேரம் கழிந்த பிறகு வாங்கியது மட்டும் என்றும் இருக்கலாம். இரண்டாவது வகையென்றால் கார்டிலிருந்து அவருக்குக் கிடைக்கக்கூடியது 60 யூரோ மட்டும். முதல் இரவுக்கு மாற்றுத் துணி வாங்கியவரை இப்படிக் கைவிடுவது எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது. ஆனாலும் அப்படி எழுதியிருந்தால் அதுதான் நிற்கும்.

அதனால்தான் முதலில் தட்ட வேண்டிய கதவு விமான நிறுவனத்தினுடையது. 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பன்னாட்டு விமானப் பயணத்தில் பெட்டி தாமதமானாலும் தொலைந்தாலும் நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. அதில் 12 மணி நேரக் காத்திருப்பு எல்லாம் இல்லை. தாமதத்தால் நியாயமாக ஏற்பட்ட செலவைக் கேட்கலாம், முதல் மாலையின் 105 யூரோ உட்பட. உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் அந்த வரம்பு ஒன்றேமுக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல், நாணய மதிப்போடு ஏறி இறங்கும். 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் உள்ள தொகை இது, அதற்கு முன் 1,288ஆக இருந்தது. பழைய கட்டுரைகளில் பழைய எண்ணே கிடக்கும். இந்தத் தொகையைத் தானாகக் கிடைக்கும் பரிசு என்று எண்ணிவிடக் கூடாது. பில் காட்டிய அளவுக்குத்தான் பேச்சு. உள்நாட்டுப் பயணம் என்றால் நிறுவனத்தின் பொறுப்பு அதிகபட்சம் 20,000 ரூபாயோடு நின்றுவிடும்.

நாள் கணக்கில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெட்டி சேதமாகி வந்திருந்தால், கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் போக வேண்டும். தாமதமாகி வந்திருந்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாள். கவுண்டரில் பதிந்த பி.ஐ.ஆர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். அது பெட்டியைத் தேடுவதற்கான பதிவு. இழப்பீடு கேட்டுத் தனியாக எழுத வேண்டும். இன்னொரு 21 நாளும் உண்டு. வர வேண்டிய தேதியிலிருந்து 21 நாள் ஆகியும் வராத பெட்டி தொலைந்ததாகவே கருதப்படும், அதுவரை பெரும்பாலான நிறுவனங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் சொல்லும். வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம்.

ஆசிரியை 165 யூரோ கேட்டு நிறுவனத்துக்கு எழுதுகிறார். கடையின் பில்களை ஒவ்வொரு பொருளும் தெரியும்படி வைத்து அனுப்புகிறார். கார்டு ஸ்டேட்மென்ட் மொத்தத் தொகையைத்தான் காட்டும், சோப்பு வாங்கினாரா வாசனைத் திரவியம் வாங்கினாரா என்று காட்டாது. நிறுவனம் 90 யூரோ தர ஒப்புக்கொள்கிறது. மீதி 75. விமான நிறுவனம் கொடுத்தது போக உள்ளதைத் தருவோம் என்று கார்டின் ஒப்பந்தம் சொன்னால், அந்த 75 யூரோவுக்கு இப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் போகலாம். அதற்கு டிக்கெட் வாங்கியதைக் காட்டும் கார்டு ஸ்டேட்மென்ட், போர்டிங் பாஸ், பெட்டிச் சீட்டு, பி.ஐ.ஆர், பெட்டி ஒப்படைக்கப்பட்ட தேதியும் நேரமும் உள்ள ரசீது, பில்கள், விமான நிறுவனம் எவ்வளவு தந்தது என்ற கடிதம் எல்லாம் வேண்டும். இதில் அடிக்கடி தொலைவது ஒப்படைப்பு ரசீது. இரவு 9.30க்குப் பெட்டியைக் கொண்டுவந்த பையன் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதைப் படம் எடுக்காமல் விட்டுவிடுகிறோம். 32 மணி நேரம் என்பதற்கு வேறு ஆதாரம் இல்லை.

இதே பெட்டி திரும்பும்போது சென்னையில் காணாமல் போய் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால்? இந்தியக் காப்பீடுகள் பலவற்றில் பதில் ஒரு வரியில் இருக்கிறது. இந்தியாவுக்குத் திரும்பும்போது ஏற்படும் பெட்டித் தாமதத்துக்குப் பணம் இல்லை. வீட்டில் துணிமணி இருக்கிறது, அவசரக் கொள்முதல் எதற்கு என்பது அவர்களின் கணக்கு. மகள் கல்யாணத்துக்கென்று பாரிசிலிருந்து வாங்கிவந்தவை அந்தப் பெட்டியில் இருந்தாலும் அதே பதில்தான்.

ஒரேயடியாகத் தொலைந்துபோனால் தொகை பெரிது, நிபந்தனையும் இறுக்கம். முழுப் பெட்டியும் தொலைந்தால்தான் பணம், உள்ளிருந்து சில பொருள் மட்டும் திருடுபோனால் இல்லை என்பது இந்தியக் காப்பீடுகளில் வழக்கமாகக் காணும் வரி. நகை, ரொக்கம், செல்பேசி, மடிக்கணினி ஆகியவை பெரும்பாலும் விலக்கு, அல்லது சிறு தொகைக்குள் அடக்கம். ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உள்வரம்பும் இருக்கும். 40,000 ரூபாய் காஞ்சிப் பட்டு, ஒரு பொருளுக்கு 10,000 என்ற வரம்புக்குள் வந்தால், கடை பில் இருந்தும் கிடைப்பது 10,000தான். கழுத்துச் சங்கிலியைக் கைப்பையில் எடுத்துப் போகும் நம் வீட்டுப் பெரியவர்களின் பழக்கத்துக்குக் காப்பீட்டுக் கோணத்திலும் நியாயம் இருக்கிறது. பட்டை ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், செக்-இன் செய்யும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தும் வழி மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் உள்ளது. அப்படி அறிவித்தால் 1,519 என்ற வரம்பு தளர்ந்து, அறிவித்த தொகை வரை கேட்கலாம். இதைக் கேட்பவர்கள் குறைவு என்பதால் கவுண்டர் ஊழியர் மேலாளரைக் கூப்பிட வேண்டியிருக்கும், அதற்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

கிளம்புவதற்கு முன் இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது? வங்கியின் விளம்பரப் பக்கத்தில் பார்த்துப் பயனில்லை. வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசினால் வரும் பதில், நிபந்தனையைப் படிக்காமல் சொன்னதாகவும் இருக்கலாம், எழுத்தில் இல்லாததால் பின்னால் உதவவும் உதவாது. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே வங்கிக்கு மின்னஞ்சல் எழுதி, தன் கார்டுக்கான குழுக் காப்பீட்டின் எண், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர், நடப்பில் இருக்கும் கடைசித் தேதி, ஒப்பந்த வாசகத்தின் பிரதி ஆகியவற்றைக் கேட்க வேண்டும். கடைசித் தேதி ஏன் என்றால், வங்கி ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது கம்பெனியே மாறலாம், தொகை குறையலாம், பெட்டிப் பிரிவே காணாமல் போகலாம். பிப்ரவரியில் படித்த ஒப்பந்தம் மே மாதப் பயணத்துக்கு இல்லாமல் போவது அப்படித்தான்.

வாசகம் கையில் வந்ததும் முதலில், கார்டு உயிரோடு இருப்பதற்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கலாம். சம்பவத்துக்கு முந்தைய சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தக் கார்டில் குறைந்தது ஒரு கொள்முதல் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பரவலாக இருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கென்று ஒரு கார்டை அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது அங்கே. அதன் பிறகு தகவல் தர எத்தனை நாள் அவகாசம் என்ற வரி. விமான நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருந்தே அந்த அவகாசம் தீர்ந்துபோனவர்கள் உண்டு. நிறுவனத்தின் பதில் வராவிட்டாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முதல் தகவலைச் சொல்லிவிடலாம், காகிதங்கள் பின்னால் போகலாம்.

இந்த வாசகத்தைத் தர முடியாது என்று வங்கி இழுத்தடித்தாலோ, அது விளம்பரத்துக்குப் பொருந்தாமல் இருந்தாலோ, தனிப் பயணக் காப்பீடு ஒன்றை எடுத்துக்கொண்டு கார்டை லவுஞ்சுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே மேல். அதிலும் 12 மணி நேரமும் விலக்குப் பட்டியலும் இருக்கும். ஆனால் அது கணவரையும் சேர்த்துக்கொள்ளும், டிக்கெட் எந்தக் கார்டில் வாங்கியது என்று கேட்காது, ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே வரும்.

கேட்ட பணம் மறுக்கப்பட்டால், மறுப்பை எழுத்தில், எந்தப் பிரிவின் கீழ் என்று குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், குழுக் காப்பீட்டுத் தகராறுகளையும் எடுத்துக்கொள்வார்கள். கம்பெனியின் இறுதி மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.